மெதுப்பாட்டைக் குத்துப்பாட்டாக மாற்றி எழுதுவது எப்படி? ஒரு பல்லவியை முழுதாகப் பிரித்துப் பார்க்கும் வழிகாட்டி

ஒரு மெதுவான காதல் பாட்டு கையில் இருக்கிறது. கதை அதேதான், பாடுகிறவளும் அவளேதான். ஆனால் இந்த முறை ஊர்த் திருவிழா மேடையில் ஆடும் பாட்டாக வேண்டும். இப்படி ஒரு வேலை வந்தால் பலரும் முதலில் செய்வது, பழைய வரிகளை வேகமாகப் பாடிப் பார்ப்பது. அது பொருந்தவில்லை என்றதும் நடுவில் நாலு ‘ஏய்’ போடுவார்கள். அதற்குப் பதிலாகச் சொல், காட்சி, வரி நீளம் மூன்றையும் எந்த வரிசையில் மாற்றினால் பாட்டு தானாகத் திரும்பும் என்று ஒரு பல்லவியையும் சரணத்தையும் வைத்துச் செய்து காட்டுகிறேன். வரிகள் எல்லாம் இந்த வழிகாட்டிக்காகவே எழுதியவை.

மெதுப்பாட்டின் பல்லவி இது. ஒரு கடலோர ஊர்ப் பெண், வராத காதலனுக்காகக் காத்திருக்கிறாள்.

மாலை நேரம் சாயும் வேளை
வாசல் ஓரம் நானும் நின்றேன்
நீ வராத பாதை யாவும்
நீளுதே என் நெஞ்சின் மேலே

முதலில் எண்ணிப் பாருங்கள்

புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால் ஒவ்வொரு வரியிலும் 8 எழுத்து வரும். நான்கு வரிக்கு 32. அதில் ஐகாரத்தைச் சேர்க்காமலே 16 நெடில்: மா, நே, சா, வே, வா, ஓ, நா, றே, நீ, ரா, பா, யா, நீ, தே, மே, லே. அதாவது சரிபாதி. டெம்போ 66, அதாவது நிமிடத்துக்கு 66 தட்டு, ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் ஒரு வரி பாட 7 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரம் முழுவதையும் நெடில்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. பாடகி குழைவதற்கும் கமகம் போடுவதற்கும் அவளுக்கு இடம் கொடுப்பவை அவை.

இது நம் இலக்கணம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விஷயம். தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணம் என்ற பெயரில் 20 ஓசை வகைகளைப் பட்டியலிடுகிறது. நெட்டெழுத்து பயின்று வருவது நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்து பயின்று வருவது குறுஞ்சீர் வண்ணம். அதே பட்டியலில் நிற்காமல் ஓடும் முடுகு வண்ணமும் உண்டு. பாட்டின் வேகம் எழுத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது நடனப் பாட்டுக்கு ஒரு தாளம் வைத்துக்கொள்வோம். குத்துப்பாட்டில் அதிகம் புழங்கும் திஸ்ர நடை, டெம்போ 132. ஒரு வரிக்கு நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சிறு அளவு. வாயால் சொன்னால் ‘தகிட தகிட தகிட தகிட’. இதில் குறிலுக்கும், சொல்லின் முதலில் வராத ஐகாரத்துக்கும் ஓரளவு. நெடிலுக்கு ஈரளவு. குறிலுக்குப் பின்னால் சொல்லுக்குள்ளேயே ஒற்று வந்தால் அதற்கும் ஈரளவு. சொல்லின் கடைசியில் வரும் மெல்லின, இடையின ஒற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பாடும்போது கரைந்துவிடும். எனவே ‘கடலை’ ஒரு தட்டில் மூன்று எழுத்தாக உட்காரும். ‘வண்டி’யும் ‘மூடி’யும் ஒரு தட்டில் இரண்டே எழுத்தாக உட்காரும்.

இந்தக் கணக்கில் பழைய பல்லவியையே போட்டுப் பாருங்கள். மா-லை, நே-ரம், சா-யும், வே-ளை. அப்படியே அச்சாகப் பொருந்துகிறது! மற்ற மூன்று வரியும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அந்த வேகத்தில் பாடினால் யாருக்கும் கால் எழாது. மெட்டில் உட்காருவது மட்டும் போதுமென்றால் வேலை இங்கேயே முடிந்திருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருப்பதால்தான் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் வினைச்சொல்லைத் தொட வேண்டியிருக்கிறது.

அவள் யாரிடம் பேசுகிறாள்?

பழைய பல்லவியின் வினைகளைப் பாருங்கள்: சாயும், நின்றேன், வராத, நீளுதே. பொழுது தானாகச் சாய்கிறது, பாதை தானாக நீள்கிறது. அவள் செய்த ஒரே செயல் நின்றது, அதுவும் முடிந்துபோனது. ‘நீ’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது எதிரில் இல்லாதவனை நினைத்துச் சொல்லும் ‘நீ’. இது முழுக்க மனதுக்குள் நடக்கும் பேச்சு. மெதுப்பாட்டுக்கு அதுதான் அழகு.

நடனப் பாட்டில் அவள் அவனை நேராகக் கூப்பிட வேண்டும். அவன் வரவில்லை என்ற குறை அப்படியே இருக்கட்டும். அதைப் புலம்பலாகச் சொல்லாமல் வம்புக்கு இழுப்பதாகச் சொல்லட்டும். ‘வருவாயா’ என்ற ஏக்கம் ‘இன்னுமா வரல?’ என்ற கேள்வியாகவும் ‘வா’ என்ற ஏவலாகவும் மாறும். ஏவல் வினை வந்தவுடன் மேடையில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேலை கிடைக்கிறது. அவள் ‘வா’ என்றால் கோரஸும் ‘வா’ என்று சேர்ந்து கத்தலாம். ‘நின்றேன்’ என்பதைக் கோரஸால் கத்த முடியாது.

சோகத்தை முழுதாகத் துடைத்துவிட்டுக் கும்மாளம் எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். சென்னையின் கானாவில் மரண கானா என்றே ஒரு வகை இருக்கிறது. இழப்பைத் தாளத்தோடு பாடுவது நமக்குப் பழக்கமானதுதான். கீழே ஒரு ஏக்கம் இல்லாவிட்டால் நடனப் பாட்டு வெறும் சத்தமாகிவிடும் என்பது என் கருத்து.

இந்தப் படியில் இன்னும் வரி எழுத வேண்டாம். உரைநடையில் ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘பொழுது போயாச்சு, எல்லாரும் கிளம்பியாச்சு, நீ இன்னும் எங்கே இருக்கிறாய், கிடைத்ததில் ஏறி வந்து சேர்.’ பாட்டு முழுவதும் இந்த வாக்கியத்தை விட்டு விலகக் கூடாது.

காட்சி: மனநிலையைக் காட்டும் பொருள் போய், நேரத்தைக் காட்டும் பொருள் வர வேண்டும்

மாலை, வாசல், பாதை, நெஞ்சு. நான்குமே எந்த ஊருக்கும் பொருந்தும், அதனால் கேட்பவர் தன் சொந்த மாலையையும் தன் வாசலையும் அதில் நிரப்பிக்கொள்வார். மெதுப்பாட்டில் அதற்கு அவகாசம் இருக்கிறது. ஒரு வரி 7 விநாடி ஓடுகிறதே. நடனப் பாட்டில் ஒரு வரி 2 விநாடிகூட இருக்காது. அதற்குள் கண்ணில் பட்டாக வேண்டும் என்றால் ஓர் ஊரில், ஓர் இடத்தில், கையால் சுட்டக்கூடிய பொருள் வேண்டும்.

‘மாலை சாய்ந்தது’ என்பதற்கு அந்த ஊரில் என்ன அடையாளம்? கடைசி பஸ் போய்விடும். கடற்கரையில் கடலை வண்டிக்காரர் மூட்டை கட்டிவிடுவார். இரண்டுமே மணி பார்க்காமல் நேரத்தைச் சொல்கின்றன. ‘நேரமாகிவிட்டது, அவன் வரவில்லை’ என்ற பழைய பாட்டின் பொருளும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி பஸ் போனால் அவன் இனி எப்படி வருவான் என்ற கேள்வி தானாக எழுகிறது அல்லவா? அப்படி அடுத்த வரியைக் கூட்டி வரும் காட்சிதான் நல்ல காட்சி.

காட்சியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஆடுகிறவர் அந்தச் சொல்லைக் கையாலோ காலாலோ செய்து காட்ட முடியுமா? பஸ் போவதைக் காட்டலாம். ஏறுவதைக் காட்டலாம். ‘பாதை நெஞ்சின் மேல் நீள்கிறது’ என்பதைக் காட்ட முயன்றால் ஆட்டம் நின்றுவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, வேகமான பாட்டு என்றதும் ஊரோடு ஒட்டாத பொருட்களைக் கொண்டுவந்து கொட்டுவது. பப், டிஸ்கோ லைட், பைக் ரேஸ் என்று வரிக்கு ஒன்றாக இறங்கும். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக இருக்கலாம். சேர்ந்து ஓர் இடமாக ஆகாது. பல்லவியின் பொருட்கள் எல்லாம் ஒரே தெருமுனையில் நின்று பார்த்தால் தெரிய வேண்டும்.

பேச்சுச் சொல்லுக்கு இறங்குவது

யாவும், வேளை, நின்றேன், நெஞ்சின் மேலே. இவை எழுத்து நடைச் சொற்கள். பஸ்ஸைப் பார்த்துப் பேசுகிற பெண் ‘வேளை’ என்று சொல்லமாட்டாள். ‘போயிற்று’ போச்சாகும், ‘தீர்ந்து’ தீந்து ஆகும், ‘மூடியாயிற்று’ மூடியாச்சு ஆகும். ‘போயிற்று’ என்றால் நெடிலும் ஒற்றும் இழுக்க, ஈரளவு ஈரளவு ஓரளவு என்று தட்டை மீறும். ‘போச்சு’ ஒரு தட்டுக்குள் சரியாக அடங்கும். பேச்சு வழக்கு நாக்கில் தேய்ந்து தேய்ந்து குறுகியது என்பதால் தாளத்துக்கு அது தயாராகவே இருக்கிறது.

முழுதாக இறங்க வேண்டும் என்பது முக்கியம். ‘மச்சான், உந்தன் பாதை எங்கே’ என்று பாதி இறங்கினால் இரண்டு பெண்கள் மாறி மாறிப் பாடுவது போல இருக்கும். ஒரே ஒரு ‘உந்தன்’ மிச்சம் இருந்தாலும் காதில் உறுத்தும். ஊர் வழக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரு வரியில் ஒரு வட்டார வழக்கும் அடுத்த வரியில் இன்னொன்றும் கலக்கக் கூடாது.

வரியை உடைப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவாகும்.

முதல் வரைவில் இப்படி வரலாம்: ‘கடைசி பஸ்ஸும் கிளம்பிப் போச்சு’. பொருள் சரி, வழக்கும் சரி. தாளத்தில் வையுங்கள்: கடைசி, மூன்றளவு. பஸ்-ஸும், மூன்றளவு. கி-ளம்-பி... ‘ளம்’ சொல்லுக்கு நடுவில் இருப்பதால் ஈரளவு, ஆக மொத்தம் நான்கு. அதற்கு மேல் ‘ப்’ வேறு இடிக்கிறது. பாடும்போது ‘போச்சு’ தட்டுக்குப் பிந்தி விழும். கைதட்டிக்கொண்டே சொன்னால் மூன்றாவது தட்டில் நாக்கு தடுக்கும், அதுதான் அடையாளம். ‘கிளம்பி’க்குப் பதில் ‘வந்து’ போட்டால் தீர்ந்தது: கடைசி, பஸ்ஸு, வந்து, போச்சு. பஸ் வந்தது, அதில் அவன் இல்லை, அதுவும் போய்விட்டது என்ற கூடுதல் பொருளும் கிடைக்கிறது.

இன்னொரு கோளாறு வகையுளி. சொல் ஒரு பக்கம், சீர் ஒரு பக்கம் வெட்டுவது. பழைய பல்லவியில் ‘நீ வராத’ என்பதை நடனத் தாளத்தில் பாடினால் தட்டு ‘நீவ / ராத’ என்று விழும். ‘நீளுதே என்’ என்பது ‘நீளு / தேஎன்’ ஆகும். மெதுவாகப் பாடும்போது காது இதைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். பறையோ தவிலோ ஒவ்வொரு தட்டையும் அழுத்தி அடிக்கும்போது சொல் உடைந்துதான் கேட்கும். ஆகவே தட்டு விழும் இடத்தில் சொல் தொடங்க வேண்டும். ‘மூடியாச்சு’ போல ஒட்டு இருக்கும் இடத்தில் பிரிந்தால் பாதகமில்லை. மூடி, ஆச்சு என்று இரண்டும் தனியாகவே பொருள் தருகின்றன.

வாக்கியத்தையும் உடைக்க வேண்டும். பழைய பல்லவியில் ‘நீ வராத பாதை யாவும்’ என்ற வரி தனியாக நிற்காது. அடுத்த வரி வந்தால்தான் முடியும். அந்தத் தொங்கல் மெதுப்பாட்டில் மூச்சைப் பிடித்து வைக்கும். நடனப் பாட்டில் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். நடுவில் இருந்து கேட்கத் தொடங்கியவருக்கும் அந்த வரி புரிய வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்து புதுப் பல்லவி:

கடைசி பஸ்ஸு வந்து போச்சு
கடலை வண்டி மூடியாச்சு
இன்னும் எந்த ஊரு மச்சான்
ஏறு ஏறு ஏறி வா

எண்ணிக்கை 9, 9, 8, 7. மொத்தம் 33. பழையதில் 32! வரி நீளத்தை மாற்றுவது என்றால் எழுத்தைக் குறைப்பது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். குறைந்தது வரி எடுத்துக்கொள்ளும் நேரம்தான். 132 டெம்போவில் நான்கு வரிக்கும் சேர்த்து 16 தட்டு. பழைய பாட்டில் ஒரே ஒரு வரி பாட ஆன அதே நேரத்தில் இந்தப் பல்லவி முழுதும் முடிந்துவிடுகிறது.

அதனால் வரும் விளைவைக் கவனியுங்கள். பழைய பல்லவி ஓடிய நேரத்தை நிரப்ப இதை நான்கு முறை பாட வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து நான்கு மடங்கு சொல் எழுதத் தொடங்குவார்கள், பாட்டு செய்தி வாசிப்பது போலாகிவிடும். எழுத வேண்டியது நான்கு முறை கேட்டாலும் சலிக்காத நான்கு வரிகளைத்தான். முதல் முறை அவள் தனியாகப் பாடட்டும், இரண்டாம் முறை கடைசி வரியில் கோரஸ் சேரட்டும், அடுத்த முறை ‘ஏறு ஏறு’ என்று அவள் சொல்ல ‘ஏறி வா’ என்று அவர்கள் முடிக்கட்டும்.

ஒலி எங்கே இடிக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும்

பழைய பல்லவியின் முதல் வரியில் தட்டுகள் மா, நே, சா, வே என்று தொடங்கின. மெல்லினமும் இடையினமும், இடிக்காத சகரமும் கலந்த வழுக்கல். புதிய முதல் வரியில் க, ப, வ, போ. உள்ளே ஸ்ஸு, ந்து, ச்சு என்று இரட்டிப்பும் இணை ஒற்றும் வந்து பின் மூன்று தட்டின் நடுவிலும் ஒரு சின்ன அடி விழுகிறது. தாளக் கருவிக்கு முன்பே வாய் அடிக்கத் தொடங்கிவிடுகிறது.

நெடில்கள் 16-இலிருந்து 9-ஆகக் குறைந்திருக்கின்றன. அந்த 9-இல் 4 கடைசி வரியில் இருக்கின்றன: ஏ, ஏ, ஏ, வா. இது தற்செயலாக வரக் கூடாது, திட்டமிட்டு வைக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து கத்தும் வரிக்குத் திறந்த நெடில் வேண்டும். வாயை மூடும் ஒற்றில் முடிந்தால் சத்தம் எழும்பாது. கடைசி வரியில் எழுத்து குறைவாக இருப்பதும் அதற்காகத்தான். ‘வா’ ஒரு தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பாடகிக்கும் அங்கேதான் மூச்சு.

எதுகை, மோனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘கடைசி, கடலை’ ஒரே ஒலியில் தொடங்குகின்றன. ‘இன்னும், ஏறு’ இரண்டும் இகர ஏகார மோனை. இறுதியில் போச்சு, ஆச்சு என்ற இயைபு. நடனப் பாட்டில் இயைபுதான் அதிகம் காதில் நிற்கும், அதனால் இரண்டு வரிக்காவது அதைக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வேகம் வேண்டும் என்று நான்கு தட்டையும் குறிலாலேயே நிரப்பினால் 2 விநாடிக்குள் 12 எழுத்து வரும். தேர்ந்த பாடகி ஒருமுறை பாடிவிடுவாள், கூட்டத்தால் முடியாது. வரிக்கு ஒரு தட்டு மூன்று குறிலாக இருந்தால் போதும், மிஞ்சினால் இரண்டு.

சரணம்

சரணத்தில் பழைய காட்சியை அப்படியே எடுத்துத் திருப்பிவிடலாம். பழையது:

தூரம் போன தோணி போலே
தூங்கிடாமல் நானும் ஆட
ஈர மண்ணில் உந்தன் பாதம்
ஏங்கி ஏங்கித் தேடலானேன்

கடல், தோணி, ஈர மண், காலடி. பல்லவி கடலோரத்தில் நடப்பதால் இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. தோணி உவமையாக இருந்தது. இப்போது தோணியின் வேலை முடிந்ததைக் காட்டலாம். வலை காய்ந்துவிட்டது, மீன் விற்றுத் தீர்ந்துவிட்டது. ஈர மண்ணில் அவன் காலடியைத் தேடியவள் இப்போது அதே மண்ணில் அவனை ஆடச் சொல்கிறாள்.

வலையும் காஞ்சு போச்சு மச்சான்
வவ்வால் மீனும் தீந்து போச்சு
மண்ணு மேல குத்தி ஆடு
மத்த பேச்சு நாளை பேசு

‘போலே’ என்ற உவமை உருபு காணாமல் போயிருக்கிறது. உவமை வந்தால் கேட்பவர் இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேகத்தில் அதற்கு நேரமில்லை. சரணம் முழுவதிலும் மூன்று எழுத்துத் தட்டு ஒன்றே ஒன்றுதான், ‘வலையும்’. மற்றதெல்லாம் இரண்டிரண்டு எழுத்தாக ஒரே நடையில் போகிறது. அதனால் இதை இரண்டு முறைக்கு மேல் பாடினால் தட்டையாகிவிடும். உடனே பல்லவிக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் சரணம் எழுதினால் அதில் மூன்று எழுத்துத் தட்டை வரியின் நடுவில் வையுங்கள், நடை மாறிக் கேட்கும்.

எழுதி முடித்த பிறகு மெட்டு இல்லாமல், கையால் தட்டிக்கொண்டு, பல்லவியை நான்கு முறை நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள். பிறகு பாட்டை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து அதையே செய்யச் சொல்லுங்கள். அவர் ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்கினால் அங்கே அளவு மீறியிருக்கும், அல்லது சொல் தட்டுக்குக் குறுக்கே விழுந்திருக்கும்; அந்தச் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். தடுக்காமல் சொல்லியும் மூன்றாம் முறையில் அவர் குரல் சோர்ந்தால் கோளாறு கடைசி வரியில் இருக்கிறது. அங்கே ஏவல் வினை இருக்கிறதா, திறந்த நெடிலில் முடிகிறதா என்று பார்த்து அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதுங்கள்.